கீப்பருக்குப் பின்னால் நிற்கும் கூட்டம்

வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பால் டோர்னமென்ட் நடக்கும் மைதானங்களில் பெரும்பாலும் கேலரி கிடையாது. சுண்ணாம்புக் கோடு போட்டதும் அதை ஒட்டியே கூட்டம் நின்றுவிடும். கோலுக்குப் பின்னால் இடம் இன்னும் குறைவு. ஒரு மதில் சுவர், அதன்மேல் வரிசையாகப் பையன்கள், சுவருக்கும் வலைக்கும் நடுவில் இன்னொரு வரிசை. கீப்பரின் முதுகுக்கும் முதல் வரிசைக்கும் இடையே சில சமயம் இரண்டு மீட்டர்கூட இருக்காது. கலாய்ப்பது எந்த இடத்தில் திட்டாக மாறுகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டு மீட்டரைத்தான்.

காரணம் எளியது. ஸ்ட்ரைக்கர் ஓடிக்கொண்டே இருப்பான், அவன் காதில் விழுவது வெறும் இரைச்சல். கீப்பர் நின்ற இடத்திலேயே நிற்கிறான். பந்து எதிர்ப் பக்கம் இருக்கும்போது அவனுக்கு வேலையும் இல்லை. அப்போது பின்னால் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும், யார் குரல் என்பது உட்பட, முழுசாகக் கேட்கும். திரும்பிப் பதில் சொன்னால் கோல் விழும், கெட்ட வார்த்தையில் சொன்னால் சிவப்பு அட்டை வரும். கிரிக்கெட்டில் இதே நிலையில் மாட்டுபவர் பவுண்டரி கயிற்றருகே நிற்கும் ஃபீல்டர். லைன்ஸ்மேன், வார்ம்-அப் செய்யும் சப்ஸ்டிட்யூட், அடிபட்டுக் கீழே கிடக்கும் ஆட்டக்காரர் ஆகியோரும் இதே வகைதான். நகராதவனும் பதில் பேச முடியாதவனும் யாரோ, வசை அவனைத்தான் தேடிப் போகும். மேட்ச் நடத்துகிறவர்கள் பந்தைப் பார்ப்பதோடு இவர்கள் நிற்கும் இடங்களையும் பார்க்க வேண்டும்.

இனி, ஒரு கோஷம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். வடசென்னையில் ஒரு அணியோடு இருபது முப்பது பேர் வந்தால் அதில் ஒருவன் எடுத்துக் கொடுப்பவன். பக்கத்தில் டோலக்கோ சட்டி மேளமோ இருக்கும், அதுவும் இல்லையென்றால் காலி தண்ணீர் கேன். எடுத்துக் கொடுப்பவன் ஒரு வரி பாடுவான், கூட்டம் அடுத்த வரியை வாங்கும். கானா கேட்டு வளர்ந்த காதுகள், அதனால் எதுகை தானாக வந்து விழும். நல்ல கீப்பர் ஒருவன் பந்தைக் கைநழுவ விட்டதும் எழும் வரி இப்படி இருக்கும்:

“கீப்பரு கீப்பரு கையப் பாரு
கைல நிக்காத பந்தப் பாரு”

இதில் ஒரு தப்பும் இல்லை. பந்தை விட்டான், அதைச் சொல்கிறார்கள். அடுத்த பந்தை அவன் பாய்ந்து பிடித்தால் இந்தப் பாட்டு செத்துவிடும், பதிலுக்கு அவன் பக்கத்து ஆட்கள் பாடுவார்கள். ஆனால் பாட்டு ஆறேழு முறை சுற்றியதும் சிரிப்பு வற்றிவிடுகிறது. மேளம் மட்டும் நிற்கவில்லை. எடுத்துக் கொடுப்பவன் அடுத்த நான்கு தட்டுக்குள் புதிதாக ஒரு சொல் வைத்தாக வேண்டும். மைதானத்தில் புதிதாக எதுவும் நடக்காதபோது அவன் கண்ணுக்குக் கிடைப்பது எதிரில் நிற்கும் உடம்பு. மெட்டு அதேதான், சொல் மட்டும் மாறுகிறது:

“கீப்பரு கீப்பரு தொப்பையப் பாரு
கோலுல அடங்காத சைஸப் பாரு”

இன்னும் ஐந்து நிமிடம் போனால்:

“கீப்பரு கீப்பரு கலரப் பாரு
லைட்டு போட்டும் தெரியாத மூஞ்சப் பாரு”

அடுத்ததை இங்கே எழுத வேண்டாம். அதில் அவன் அம்மா வருவார், அல்லது அவன் ஏரியா வரும்.

இந்த நான்கையும் தாளில் எழுதிக் காட்டினால், பாடிய பையன்களே மூன்றாவதும் நான்காவதும் தப்பு என்று சொல்வார்கள். பாடும்போது அவர்களுக்கு அது உறைக்காததற்குக் காரணம், மெட்டும் மேளமும் மாறவில்லை என்பதுதான். பின்வரிசையில் இருப்பவனுக்கு முதல் வரி சரியாகக் கேட்பதுகூட இல்லை. “பாரு” என்ற முடிவு மட்டும் கேட்கும், அவனும் சேர்ந்து கத்துவான். முந்நூறு பேர் வசை பாடிய மாதிரி கீப்பருக்குத் தெரிகிறது. உண்மையில் சொல்லைத் தேர்ந்தெடுத்தவன் ஒருவன், தெரிந்தே சேர்ந்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். இந்த விவரம் பின்னால் நடவடிக்கை எடுக்கும்போது உதவும்.

நாங்கள் நம்பி வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கோஷம் பந்தைத் தொடர்கிறதா, ஆளைத் தொடர்கிறதா? பந்து கைமாறும்போது பாட்டும் மாறினால் அது ஆட்டத்தோடு இருக்கிறது. பந்து எதிர்க் கோலுக்குப் போன பிறகும், ஆட்டமே நின்றிருக்கும்போதும், பாட்டு அதே ஒருவனைச் சுற்றிக்கொண்டிருந்தால் அது திசை மாறிவிட்டது. இதைச் சொல்ல வார்த்தைகள் காதில் விழ வேண்டும் என்றுகூட அவசியமில்லை. பெனால்டி ஏரியாவில் ஒன்றும் நடக்கவில்லை, கோலுக்குப் பின்னால் மட்டும் சிரிப்பு கேட்கிறது என்றால், நடத்துகிறவர்களின் மேசையிலிருந்து ஒருவர் எழுந்து அங்கே போக வேண்டும். ஆட்டத்தில் சிரிக்க எதுவும் நடக்காதபோது வரும் சிரிப்பு ஒரு ஆளைப் பார்த்துத்தான் வருகிறது.

இந்த அளவுகோலுக்கு அடங்காத விதிவிலக்கும் உண்டு. சில சொற்களும் சைகைகளும் பந்தோடு சேர்ந்து வந்தாலும் முதல் முறையிலேயே வசைதான். சாதிப் பெயர், குரங்கு மாதிரி ஒலி எழுப்புவது, திருநங்கைகளை இழிவாகச் சொல்ல வைத்திருக்கும் அந்த எண், மதத்தைச் சொல்லிக் கத்துவது ஆகியவை இந்த வகை. இவற்றுக்கு “எத்தனை முறை சொன்னான்” என்ற கணக்கே கூடாது.

ஏரியா கலாய்ப்பில்தான் கோடு மிக மெல்லியது, அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காசிமேட்டு அணி ஆட வந்தால் மீன் வராமல் எந்தக் கோஷமும் வராது. “கடல்ல போட்டா மீனு வலை, கீப்பரு நின்னா பந்து வலை” என்று பாடினால் காசிமேட்டுக்காரனே சிரிப்பான். அவன் தொழிலை வைத்து அவன் ஆட்டத்தைக் கலாய்க்கிறார்கள், அவனும் திருப்பி ஒன்று கட்ட முடியும். அதே கூட்டம், அந்த அணி கோட்டுக்கு அருகே வரும்போது ஒன்றுமே பேசாமல் மூக்கைப் பொத்திக்கொண்டால்? ஒரு கெட்ட வார்த்தை இல்லை, சத்தம்கூட இல்லை. ஆனால் அந்த மைதானத்தில் அன்று நடக்கக்கூடியவற்றில் அதைவிட மோசமானது அதிகமில்லை. அதற்கு அவன் எந்தக் கோல் போட்டும் பதில் சொல்ல முடியாது. ஹவுசிங் போர்டு, குப்பம், சேரி என்று இடத்தின் பெயரைச் சொல்லிக் கத்துவதும் இப்படித்தான். சொந்த ஏரியாப் பையன்கள் நெஞ்சைத் தட்டிச் சொன்னால் அது பெருமை. எதிர்ப் பக்கம் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னால், சாதியைச் சொல்லாமல் சாதியைச் சொல்கிறார்கள். சொல் ஒன்றுதான் என்பதால் “அவனுங்களே சொல்றானுங்களே” என்ற சாக்கு உடனே வரும். சாக்கைக் கேட்காமல் முகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நிறத்துக்கும் இதேபோல ஒரு சாக்கு உண்டு. “நாங்களும் கருப்புதானே, இதுல என்ன இருக்கு” என்பார்கள். பொய் இல்லை. இங்கே எல்லோரும் வீட்டிலும் பள்ளியிலும் இதே கிண்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள், நண்பனை “டேய் கருப்பா” என்று கூப்பிடுகிறவர்கள். ஆனால் நண்பனுக்கும் நமக்கும் ஆள் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. அவன் உடனே நம் பல்லையோ நடையையோ பிடித்து இழுப்பான், கணக்கு சரியாகிவிடும். மைதானத்தில் முந்நூறுக்கு ஒன்று. டோர்னமென்ட்டுக்காக அணிகள் கூட்டி வரும் கெஸ்ட் பிளேயர் ஆப்பிரிக்கக்காரராகவோ மணிப்பூர், மிசோரம் பக்கத்திலிருந்து வந்தவராகவோ இருந்தால், அந்த ஒருவருக்குத் தமிழும் தெரியாது. சொல் புரியாது, சிரிப்பு மட்டும் புரியும். தன்னைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது எந்த மொழிக்காரருக்கும் விளங்கிவிடும்.

பெண்கள் மேட்ச்சில் இது எல்லாமே சீக்கிரம் நடக்கும். ஆண்கள் ஆட்டத்தில் இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும் சறுக்கல் அங்கே கிக்-ஆஃப் ஆவதற்கு முன்பே முடிந்திருக்கும். பேச்சு ஷார்ட்ஸிலேயே தொடங்கும், பந்து பக்கம் வராது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது வாயை அல்ல, போனை. கோலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கீழிருந்து மேலாகப் படம் எடுப்பவர்களை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுப்பி விட வேண்டும். பெண்கள் மேட்ச்சுக்குக் கோலுக்குப் பின்னால் யாரையும் விடாமல் இருப்பதே சரி.

இன்னொரு இடம் பலர் கண்ணில் படுவதில்லை. அது மைக். சவுண்ட் சர்வீஸ் வைத்து கமென்ட்ரி சொல்பவர் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தானாகவே எடுத்துக்கொள்கிறார். “எட்டாம் நம்பர் குண்டு தம்பி கொஞ்சம் ஓடுப்பா” என்று அவர் மைக்கில் சொன்ன அந்த நொடியில், அந்த எட்டாம் நம்பரின் உடம்பைப் பற்றிப் பேசக் கூட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நடத்துகிறவர்களே சொன்ன பிறகு சுவரில் உட்கார்ந்திருக்கும் பையனை யார் கேட்பது? கமென்ட்ரி சொல்பவருக்கு ஒரே விதி போதும்: ஜெர்சி எண், பெயர், பந்து. ஆளின் உருவம், ஊர், நிறம் எதுவும் மைக்கில் வரக்கூடாது.

நடப்பதை ஒரு ஆட்டமாகக் கோத்துப் பார்த்தால் வரிசை விளங்கும். இருபது நிமிடப் பாதிகள் கொண்ட ஒரு செவன்ஸ் அரையிறுதி, மாலை, லைட் போட்டாயிற்று. முதல் பத்து நிமிடம் இரண்டு பக்கமும் தங்கள் அணியின் பெயரைத்தான் பாடுவார்கள். முதல் கோல் விழுந்ததும் பாட்டு எதிரணிக்குத் திரும்பும். இதுவரை எல்லாம் நல்ல சத்தம். பாதி முடிந்து பக்கம் மாறும்போதுதான் திருப்பம். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ஆட்கள் நின்ற கோலுக்கு இப்போது எதிரணிக் கீப்பர் வந்து நிற்கிறான். அதுவரை மைதானத்தின் மறுகோடியில் இருந்தவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டான். முப்பதாவது நிமிடம் வாக்கில், இரண்டாவது கோலும் விழுந்த பிறகு, ஆட்டத்தை வைத்துக் கலாய்க்கத் தோற்கும் பக்கத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. அங்கேதான் உடம்பும் நிறமும் வருகின்றன. அந்தக் கீப்பரின் ஆட்கள் எதிர்க் கோலிலிருந்து அதைக் கேட்டுவிட்டால், அவர்கள் ஒரு படி மேலே ஏறித்தான் பதில் கொடுப்பார்கள். அதே படியில் நின்று பதில் சொன்னதாக யாரும் பார்த்ததில்லை. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் தண்ணீர்ப் பாக்கெட் பறக்கும். கடைசி ஐந்து நிமிடத்தை அடிதடி இல்லாமல் முடிப்பது அதற்குப் பிறகு அதிர்ஷ்டம்தான்.

இந்த வரிசையில் தடுக்கச் சுலபமான இடம் இரண்டு. ஒன்று, பாதி முடிந்து பக்கம் மாறும் இடைவேளை. இன்னொன்று, உடம்பைச் சொல்லும் முதல் வரி. தண்ணீர்ப் பாக்கெட் பறந்த பிறகு மைக்கில் கத்துவது பலன் தராது.

யாரைத் தடுப்பது என்பதற்கு, உலகமே பார்த்த ஒரு மேட்ச்சைச் சொல்லலாம். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்ட். பவுண்டரியில் நின்ற முகமது சிராஜை நோக்கிக் கூட்டத்திலிருந்து சொன்னதை அவர் திருப்பித் திட்டவில்லை. நேராகக் கேப்டன் ரஹானேவிடம் போனார், ரஹானே அம்பயர்களிடம் சொன்னார், ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது, ஆறு பேரை வெளியேற்றினார்கள். முறையீடு போக வேண்டிய பாதை அதுதான், அவர்கள் சரியாகவே செய்தார்கள். ஆனால் பின்னர் விசாரித்த கிரிக்கெட் ஆஸ்திரேலியா, இந்திய வீரர்கள் இனவசைக்கு உள்ளானது உண்மை என்று உறுதி செய்துவிட்டு, வெளியேற்றப்பட்ட அந்த ஆறு பேர் அதைச் செய்தவர்கள் அல்ல என்றும் சொன்னது. கேமராவும் டிக்கெட்டும் காவலர்களும் இருந்த மைதானத்திலேயே ஆளைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை என்றால், சுவரில் உட்கார்ந்து பார்க்கும் நம் மைதானத்தில் “நீதான் கத்தினே” என்று ஒருவன் சட்டையைப் பிடிப்பது எங்கே போய் முடியும்? தப்பான ஆளைத் தொட்டால் அவன் ஏரியா முழுக்க உள்ளே இறங்கும். அதோடு வசை மறந்து போய், “எங்க பையன் மேல எப்படிக் கை வெச்சே” என்பதே அன்றைய பிரச்சினையாகிவிடும்.

அதனால் ஆளைத் தேடாமல் மேளத்தை நிறுத்துவதே இங்கே நடைமுறைக்கு ஒத்து வருகிறது. மேளம் நின்றால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் சொல்லைத் தேர்ந்தெடுப்பவன் தனியாக நிற்பான். தனியாக நிற்கும்போது முக்கால்வாசிப் பேர் கத்த மாட்டார்கள். மேளம் அடிப்பவர் பொதுவாக வயதில் பெரியவர், ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் அடிப்பவர், நாலு பேருக்குத் தெரிந்தவர். அவரை எதிரியாக்காமல் முன்கூட்டியே கூட்டாளியாக்கிக்கொள்ள வேண்டும். “அண்ணே, ஆளைப் பத்தி வரி வந்தா கையை எடுத்துடுங்க, மத்ததெல்லாம் நீங்க வெளுத்து வாங்குங்க” என்று ஆட்டத்துக்கு முன்பே சொன்னால் பெரும்பாலும் மரியாதைக்குக் கட்டுப்படுவார். ஆட்ட நடுவில் போய்ச் சொன்னால் அது அவருக்கு அவமானம், அப்போது அவர் வேண்டுமென்றே இன்னும் பலமாகத் தட்டுவார்.

அடுத்தது, கூட்டத்திடம் பேச வேண்டியவர் அந்தக் கூட்டத்தின் சொந்த கேப்டன். 2019 உலகக் கோப்பையில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்தை இந்திய ரசிகர்கள் ஏளனம் செய்தபோது, விராட் கோலி அவர்களைப் பார்த்து, அதை விட்டுவிட்டுக் கைதட்டச் சொல்லிச் சைகை காட்டினார். எதிரணிக்காக அவர் தன் ஆட்களிடமே பேசியதால் அது எடுபட்டது. 2024 ஐபிஎல்லில் வான்கடேயில் மும்பை கேப்டன் ஹர்திக் பாண்டியாவைச் சொந்த அணியின் கூட்டமே ஏளனம் செய்தது. டாஸ் நேரத்தில் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் மைக்கில் ஒழுங்காக இருங்கள் என்றார், சத்தம் அடங்கவில்லை. மைக்கில் வரும் கண்டிப்பு கூட்டத்துக்கு இன்னொரு எதிரணி மாதிரி. செவன்ஸ் மைதானத்திலும் இதுவே நடக்கும். கமிட்டித் தலைவர் மைக்கில் பத்து முறை சொல்வதைவிட, அந்த அணி கேப்டன் சுவர் பக்கம் போய் “டேய், போதும்டா, நமக்குதான் அசிங்கம்” என்று ஒரு முறை சொல்வது வேலை செய்யும்.

இதையெல்லாம் டோர்னமென்ட் தொடங்கும் முன்பே ஏற்பாடு செய்யலாம். டீம் மேனேஜர்கள் கூட்டத்தில் ஒவ்வொரு அணியும் தங்கள் கூட்டத்துக்குப் பொறுப்பான இரண்டு பேரின் பெயரையும் போன் நம்பரையும் கொடுக்க வேண்டும், கொடுக்காத அணியை டிராவில் சேர்க்கக்கூடாது. கோலுக்குப் பின்னால் வலையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்ட வேண்டும், இடம் இருந்தால் ஐந்து. தள்ளி நிற்கும் அளவுக்குத் தனிக்குரல் இரைச்சலில் மங்கும். மேளங்கள் இரண்டும் கோலுக்குப் பின்னால் போகாமல் நடுக்கோட்டருகே ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டும். பக்கம் மாறும்போது கூட்டமும் மேளமும் இடம் மாறக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடைவேளையில் தோற்கும் அணியின் கூட்டம் இருக்கும் கோலுக்கு அருகில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் போய் நிற்க வேண்டும். அங்கே அவர்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, நின்றாலே போதும்.

ஆட்டத்தின்போது புகார் வரும் பாதையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கீப்பர் கேப்டனிடம் சொல்ல வேண்டும், கேப்டன் ரெஃப்ரியிடம் சொல்ல வேண்டும். இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் ஒரு சைகை தேவை. 2024 மே மாதம் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாடு, மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் காட்டுவதை இனவசைக்கான அடையாளமாக ஏற்றது. அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் டிவியில் பார்த்த பையன்களுக்குப் புரியும். ரெஃப்ரி முடிந்தவரை பந்து வெளியே போகும்வரை காத்திருந்து நிறுத்துவது நல்லது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் டிராப் பால் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும், “நல்ல சான்ஸைக் கெடுத்துட்டாரு” என்று இன்னொரு கோபம் கிளம்பும். நிறுத்தியதும் மேசையில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: நிமிடம், எந்தப் பக்கக் கூட்டம், சொன்ன சொல் அப்படியே. “கெட்ட வார்த்தை பேசினார்கள்” என்று எழுதினால் மறுநாள் அது ஒன்றுக்கும் உதவாது.

ஃபிஃபாவின் மூன்று படி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பது, அடுத்து ஆட்டக்காரர்களை வெளியே அழைத்துச் சிறிது நேரம் ஒத்திவைப்பது, மூன்றாவது ஆட்டத்தையே கைவிடுவது. ஆனால் இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்டம் கத்தினால் அந்த அணிக்குத் தோல்வி என்று விதி போட்டால், மறுநாளே எதிரணி ஆள் ஒருவன் இந்தக் கூட்டத்துக்குள் வந்து நின்று கத்துவான். சீருடை இல்லாத கூட்டத்தில் யார் யாருடைய ஆள் என்று காட்ட முடியாது. எனவே முதல் இரண்டு படிகளில் தண்டனை ஸ்கோரைத் தொடக்கூடாது. முதல் படியில் அந்தப் பக்க மேளம் அந்த ஆட்டம் முடியும்வரை மேசைக்கு வர வேண்டும். இரண்டாவது படியில் கோலுக்குப் பின்னால் இருக்கும் இடம் முழுவதும் காலி. இந்த இரண்டும் கத்தியவர்களை நேராகப் பாதிக்கும், எதிரணிக்கு லாபம் எதையும் கொடுக்காது. கைவிடப்பட்ட ஆட்டத்துக்கு முடிவை அன்றிரவே அறிவிக்காமல், ரெஃப்ரி எழுத்தில் கொடுத்த பிறகு கமிட்டி கூடி முடிவு செய்யலாம்.

திட்டு வாங்கிய ஆட்டக்காரரைப் பற்றி ஒன்று. அவர் திரும்பித் திட்டினால் விதிப்படி சிவப்பு அட்டைதான், ரெஃப்ரிக்கு வேறு வழியில்லை. பின்னால் கத்துபவர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான். ஆகவே கேப்டன் அவரை “கண்டுக்காத மச்சி” என்று விடுவது போதாது. கண்டுக்காமல் இருக்கும் பாரத்தை முழுவதும் அவர் தலையிலேயே வைப்பது அது. ஒரு டிஃபென்டரை அடிக்கடி கோல் அருகே அனுப்பி அவரோடு பேச்சுக் கொடுக்க வைக்கலாம். ஆட்டம் நின்ற நேரத்தில் கீப்பரைப் பெனால்டி ஏரியா விளிம்புவரை வந்து நிற்கச் சொல்லலாம். தொடர முடியாது என்று அவர் சொன்னால் சப்ஸ்டிட்யூட்டை இறக்கிவிட்டு, அதைப் பலவீனம் என்று யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதிப் பெயர் சொல்லித் திட்டியது என்றால் விஷயம் கமிட்டியின் கையில் இல்லை. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் அப்படிச் சாதி சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வரும் குற்றம். மைதானம் அப்படிப்பட்ட இடம்தான். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைத் திட்டு வாங்கியவர்தான் முடிவு செய்ய வேண்டும். “டோர்னமென்ட் கெட்டுடும் தம்பி, கை குடுத்துட்டுப் போங்க” என்று பெரியவர்கள் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவதுதான் வழக்கம். அது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். மேசையில் எழுதிய நிமிடமும் சொல்லும் அவர் கேட்டால் அவர் கைக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சத்தமே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோல் கிக் எடுக்கும்போது எழும் நீளமான “ஓஓஓ”, பெனால்டியை வானத்துக்கு அடித்தவனுக்கு விழும் கைதட்டல், லைன்ஸ்மேனுக்குக் கண்ணாடி வாங்கித் தரச் சொல்லும் பாட்டு, ஏரியாவுக்கு ஏரியா கட்டும் எதிர்ப்பாட்டு எல்லாம் இருக்க வேண்டும். இவற்றையும் அடக்கப் போனால் பையன்கள் கமிட்டியைக் கலாய்க்க ஆரம்பிப்பார்கள், உண்மையான வசை வரும்போது கமிட்டி சொல்வது எடுபடாது. சந்தேகமான வரிகளுக்கு எழுந்து போய் நில்லுங்கள், நிறுத்த வேண்டாம். நிச்சயமான வரிக்கு ஒரு நொடிகூடத் தாமதிக்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் வேலை முடிவதில்லை. ஜெயித்த அணியைப் பரிசுப் பேச்சுக்கு நிறுத்தி வைத்து, தோற்ற அணியும் கூட்டமும் கிளம்பிக் கால் மணி நேரம் ஆன பிறகு அவர்களை விட வேண்டும். இரண்டு கூட்டமும் ஒரே டீக்கடைக்கோ ஒரே பஸ் ஸ்டாப்புக்கோ போகாதபடி வழியைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அன்றிரவு பார்க்க வேண்டியது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கீப்பரைப் பாடிய அந்த முப்பது விநாடி வீடியோ, சிரிப்பு எமோஜியோடு, பத்து மணிக்குள் அவன் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடும். மைதானத்தில் பொறுத்துக்கொண்டவனால் தங்கச்சி கையிலிருக்கும் போனில் அதைப் பார்க்கும்போது பொறுக்க முடியாது, அடுத்த ஞாயிறு நடக்கும் சண்டை பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. முதல் நாள் பெயர் கொடுத்த அந்த இரண்டு பொறுப்பாளர்களுக்கும் ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் போன் போட்டு, யார் யார் ஸ்டேட்டஸில் இருக்கிறது என்று கேட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்கும் முன் ஒரு நகலைக் கமிட்டி தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். புகார் என்று வந்தால் அதில்தான் குரல் தெளிவாக இருக்கும்.